கொப்பியும் கோப்பியும்: நேர் மேலிருந்து பார்க்கும் ஒரு படத்துக்கான குறிப்பு



கொப்பிக்கும் கோப்பிக்கும் இடையில் ஓர் எழுத்தின் நீளம்தான் வித்தியாசம். இவையிரண்டையும் ஒரு மேசையில் ஒழுங்காக அடுக்கி, கமராவை நேர் மேலே பிடித்து எடுத்த படங்களை நீங்கள் முகநூலில் எத்தனையோ தடவை கண்டிருப்பீர்கள். இரண்டு கொப்பி, ஒரு பேனை, ஒன்றிரண்டு பென்சில், ஓரமாக ஒரு கோப்பிக் கோப்பை. இதற்கு ‘ஃபிளாட் லே’ என்று பெயர். காகிதாதிகள் விற்கும் கடைக்காரர்களுக்கு இது மிகவும் வசதியான படம். ஏனெனில் நமது சரக்கில் பெரும்பாலானவை தட்டையானவை. நிமிர்த்தி வைத்தால் சரிந்து விழுபவை.

இப்போது இத்தகைய படத்தைக் கமரா இல்லாமலேயே, நான்கு வரிக் குறிப்பை எழுதிக் கொடுத்துச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் மூலம் உருவாக்கிக்கொள்ள முடிகிறது. அந்தக் குறிப்பை எழுதுவது எப்படி, அதை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதைத்தான் இவ்வாரம் பார்க்கப்போகிறோம். எனக்கு இந்தப் பாடம் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வவுனியாவில் கடை வைத்திருக்கும் எனது உறவுக்காரத் தம்பி ஒருவர், பாடசாலை ஆண்டு தொடங்கும் காலத்தில் வட்ஸ்அப் மூலமும் வியாபாரம் செய்கிறார். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து பட்டியல் வரும். இவர் சாமான்களைக் கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுவார். ஒரு தடவை விளம்பரத்துக்காக, ‘காகிதாதிகள், ஒரு கோப்பிக் கோப்பை, மேலிருந்து, அழகாக’ என்று மட்டும் எழுதி ஒரு படம் செய்து போட்டார். படம் உண்மையிலேயே கண்ணைப் பறித்தது. மறுநாளே முல்லைத்தீவுப் பக்கத்து ஆசிரியை ஒருவர் அந்தக் கொப்பியில் 12 வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவரும் வழக்கமான கொப்பியைத்தான் கேட்கிறார் என்று எண்ணி ஒப்புக்கொண்டார். அந்த ஆசிரியை வேறு அலுவலாக வவுனியாவுக்கு வந்தபோது நேரே கடைக்கு வந்து, தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டி, “தடித்த அட்டை போட்டு, நாடா வைத்த இந்தக் கொப்பி எங்கே தம்பி?” என்று கேட்டபோதுதான், அப்படி ஒரு கொப்பி கடையிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை, உலகத்திலேயே இல்லை என்பது இவருக்கு உறைத்தது. காசைத் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மணி ஏதும் ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பட்டியல் அனுப்பவுமில்லை.

“நானா, படம் நல்லாத்தானே இருந்தது?” என்று என்னிடம் வந்தார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிமட்டத்தில் கோடுகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் இடைவெளிவிட்டும் இருந்தன. கொப்பிகளை நேர் மேலிருந்து பார்க்கிறோம். ஆனால் கோப்பையின் வாய் முட்டை வடிவில், அதன் வெளிப்பக்கம் முழுவதும் தெரிய இருந்தது. அதாவது மேசையை முகட்டில் நின்றும், கோப்பையைக் கதிரையில் இருந்தும் பார்க்கிறோம்! பென்சிலின் நிழல் வலது பக்கம். பேனையின் நிழல் இடது பக்கம்.

இதற்கு மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. தையற்காரரிடம் அளவு கொடுக்காமல் ‘ஒரு சேர்ட் தையுங்கள்’ என்றால் அவர் தமக்குத் தெரிந்த அளவில்தான் தைப்பார். மென்பொருளும் அப்படியே. நாம் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றையும், அது முன்னர் கற்ற கோடிக்கணக்கான படங்களில் அதிகம் கண்டதைக் கொண்டு நிரப்பிவிடும். அந்தப் படங்களில் மேசைமீது இருப்பது நமது பாடசாலைக் கொப்பி அல்ல. தடித்த அட்டையும் நாடாவும் உள்ள குறிப்பேடு. கோப்பி என்றால் பால்நுரையில் இலை வரைந்த கோப்பி. நமது வீட்டில் இஞ்சியும் கொத்தமல்லியும் போட்டு ஊற்றும் கறுப்புக் கோப்பி அதற்கு எளிதில் நினைவுக்கு வராது.

ஆகவே குறிப்பில் முதலில் எழுத வேண்டியது பொருளை அல்ல, கமரா நிற்கும் இடத்தை. ‘கமரா நேர் கீழ்நோக்கிப் பார்க்கிறது’ என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். ‘மேலிருந்து’ என்று மட்டும் சொன்னால் சாய்வாக மேலிருந்து பார்ப்பதும் அதில் அடங்கிவிடும். அதனுடன் ‘மேசை படம் முழுவதையும் நிரப்புகிறது’ என்றும் சேர்த்துக்கொண்டால், மேசை விளிம்பு, சுவர், யன்னல் எதுவும் படத்துக்குள் நுழையாது. விளிம்பு தெரிந்தால் அங்கே சாய்வும் வந்துவிடும்.

கோணத்தைக் கெடுக்கும் சொற்கள் சில உண்டு. ‘ஆவி பறக்கும் கோப்பி’ என்று எழுத எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஆவி சுருண்டு எழும்புவது பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். நேர் மேலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் மங்கல். அந்தச் சொல்லை எழுதியவுடன் மென்பொருள் கோப்பையைச் சாய்த்துக் காட்டத் தொடங்குவதை நான் பல தடவை கண்டேன். ‘பின்னணி மங்கலாக’ என்பதும் அப்படியே. எல்லாப் பொருளும் ஒரே பலகையில் கிடக்கும்போது, கமராவுக்கு ஏறத்தாழ ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன. மங்கலாவதற்குப் பின்னணியே கிடையாது. ‘எல்லாம் கூர்மையாக’ என்று எழுதுவதே சரி.

அடுத்தது அடுக்கும் முறை. பொருள்களை ஒன்றுக்கொன்று இணையாகவோ செங்கோணமாகவோ வைத்து, ஒவ்வொன்றும் தனித்துத் தெரிய அடுக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘நோலிங்’ என்பார்கள். இந்தப் பெயரை வைத்தவர், 1987இல் கட்டடக் கலைஞர் பிராங்க் கேரியின் தளபாடப் பட்டறையில் துப்புரவு வேலை பார்த்த அன்ட்ரூ குரோமலோ என்பவர். பட்டறையில் அப்போது ‘நோல்’ நிறுவனத்துக்கான கதிரைகளின் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த நிறுவனத்தின் தளபாடங்களில் நேர்கோடும் செங்கோணமும் பேர்பெற்றவை. சிதறிக் கிடக்கும் கருவிகளை அதே பாணியில் அடுக்கிவைத்ததால் அந்தப் பெயரையே வைத்துவிட்டார். அங்கே வேலை செய்த டொம் சக்ஸ் என்ற சிற்பி பின்னர் அதை ஊரறியச் செய்தார். எல்லாக் கருவியும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதே அந்த அடுக்கின் நோக்கம். கடைக்காரருக்கு வேண்டியதும் அதுதானே.

எனவே குறிப்பில் ‘அழகாக அடுக்கிய’ என்ற சொல்லுக்குப் பதிலாக, எது எதற்குப் பக்கத்தில், எதற்கு இணையாக என்று எழுதுங்கள். எண்ணிக்கையையும் எழுதுங்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் மூன்றுக்கு மேல் கேட்காமல் இருப்பது நல்லது. ஒன்பது பென்சில் கேட்டால் எட்டும் வரும், பதினொன்றும் வரும்.

இந்த இடத்தில் பலரும் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நேர் மேலிருந்து பார்க்கும்போது உயரம் மறைந்துவிடுகிறது. மூன்று கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேலே இருப்பது ஒன்றுதான் தெரியும். 80 பக்கக் கொப்பியும் 200 பக்கக் கொப்பியும் ஒரே நீள அகலமாக இருந்தால், மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. விலையோ ஒன்றல்ல! ஆகவே கொப்பிகளைப் பக்கம் பக்கமாகக் கிடத்த வேண்டும். பக்க எண்ணிக்கையைச் சிறிய அட்டைத் துண்டில் எழுதிப் பக்கத்தில் வைக்க வேண்டும். தடிப்பைக் காட்டித்தான் விற்க வேண்டிய பொருளென்றால், உதாரணமாக சீ.ஆர். கொப்பி, அகராதி போன்றவற்றுக்கு, இந்தக் கோணமே பொருந்தாது. சாய்வாக இன்னொரு படம் எடுத்துச் சேர்ப்பதே முறை.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய மென்பொருள்கள் ஆங்கில எழுத்துகளை ஓரளவு ஒழுங்காகவே எழுதுகின்றன. தமிழ் எழுத்து கேட்டு நான் செய்து பார்த்த படங்களில் கொம்பும் சுழியும் இடம்மாறி, எந்த மொழியிலும் சேராத எழுத்தாக வந்ததே அதிகம். ஆகவே ‘வெற்று அட்டை’ என்று எழுதி, கடைப் பெயரையும் விலையையும் பின்னர் தொலைபேசியிலேயே சேர்த்துக்கொள்வது சுலபம். ‘எழுத்து வேண்டாம்’ என்று எழுதாமல் ‘வெற்று அட்டை’ என்று எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சில மென்பொருள்கள் ‘வேண்டாம்’ என்பதைக் கவனியாமல் ‘எழுத்து’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளும். வேண்டாததைச் சொல்வதைவிட, அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்வதே பயன் தருகிறது. விலை எழுதுவதற்கான வெற்றிடத்தையும் குறிப்பிலேயே ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் அந்த இடத்தில் ஒரு பூவையோ மூக்குக்கண்ணாடியையோ கொண்டுவந்து வைத்துவிடும்.

கடைசியாக வெளிச்சம். ஒரே பக்கத்திலிருந்து வரும் யன்னல் வெளிச்சம் என்று எழுதி, நிழல் விழும் பக்கத்தையும் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவையும் சேர்த்துத் தம்பிக்கு நான் எழுதிக்கொடுத்த குறிப்பு இது. தமிழில் எழுதினாலும் பல மென்பொருள்கள் விளங்கிக்கொள்ளும்; எனினும் ஆங்கிலத்தில் எழுதியபோதே சொன்னபடி வந்தது. ஆகவே அப்படியே தருகிறேன்.

```
Top-down flat lay photo, camera pointing straight down.
A plain light-grey table fills the whole frame.
Left half: two closed exercise books with blank covers,
one blue, one green, lying side by side.
Right of the books, parallel to them: one blue ballpoint
pen and two yellow pencils, evenly spaced.
Upper right: one white cup on a saucer, filled with black
coffee, the rim a perfect circle.
Lower right: empty table.
Soft window light from the left, short shadows to the right.
Everything in sharp focus. Square image.
```

இதில் அடிமட்டம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அளவுக்கோடு உள்ள எந்தப் பொருளும் இத்தகைய படத்தில் பொய் சொல்லிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். கோணமானிக்கும் கணித உபகரணப் பெட்டிக்கும் இதுவே விதி.

படம் வந்தவுடன் முதலில் கோப்பையைப் பாருங்கள். அதன் வாய் வட்டமாக இருக்கிறதா, கீழுள்ள பீரிசின் நடுவில் ஏறத்தாழப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்தால் கோணம் சரியா பிழையா என்பது தெரிந்துவிடும். வட்டத்துக்குப் பொய் சொல்ல வராது. கொஞ்சம் சாய்ந்தாலும் முட்டையாகிவிடும். கோப்பை இந்தப் படத்தில் அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை, ஒரு மட்டக்கோலாகவும் இருக்கிறது. அதன் பிறகு நிழல்கள் எல்லாம் ஒரே பக்கம் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பென்சிலின் இரண்டு முனையும் கூராக இருப்பது, கோப்பைக்கு இரண்டு கைபிடி முளைப்பது போன்றவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

இந்தக் குறிப்பினால் தம்பிக்குக் கிடைத்த படம் பிழையில்லாமல் இருந்தது. “இப்ப இதைப் போடலாம்தானே நானா?” என்றார். “போடக் கூடாது தம்பி” என்றேன். முதற்படத்தில் இருந்த கோளாறு கோப்பையின் கோணமா, அல்லது இல்லாத கொப்பியை இருப்பதாகக் காட்டியதா? இரண்டாவது படத்திலுள்ள நீலக் கொப்பியும் அவரது கடையில் இல்லை. படம் பிழையில்லாமல் வரவர, வாடிக்கையாளர் அதை உண்மைச் சரக்கென்று நம்புவதும் கூடத்தான் செய்யும். சந்தையில் குவியலின் மேலே ஒரு சரக்கும் அடியில் வேறு சரக்கும் வைப்பதை நாம் மோசடி என்கிறோம். படத்தில் ஒன்றும் பார்சலில் ஒன்றும் என்பது அதற்கு எவ்விதத்தில் குறைந்தது? நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும், வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கிறது.

விடுமுறை அறிவித்தல், நேர மாற்றம், வாழ்த்துச் செய்தி போன்றவற்றுக்கு, அதாவது படத்திலுள்ள பொருளை எவரும் கேட்டு வராத இடங்களுக்கு, உருவாக்கிய படம் போதும். விலை எழுதும் படத்துக்கு அது ஆகாது. அப்படியானால் குறிப்பு வீணா என்றால், இல்லை. அந்தக் குறிப்பையும் அதில் வந்த படத்தையும் மாதிரியாக எதிரில் வைத்துக்கொண்டு, அதே இடங்களில் சொந்தச் சரக்கை வைத்துப் படமெடுப்பதுதான் நான் தம்பியிடம் சொன்ன வழி. எதை எங்கே வைப்பது என்ற யோசனையெல்லாம் குறிப்பு எழுதும்போதே முடிந்துவிட்டது.

அன்று பின்னேரமே கடையில் எடுத்துப் பார்த்தோம். யன்னலோரம் தரையில் ஒரு சாம்பல்நிற பிரிஸ்டல் போட் விரித்தோம். மேசையைவிடத் தரை நல்லது. கமராவுக்கு வேண்டிய உயரம் தானாகக் கிடைக்கிறது. கடை மின்விளக்கை அணைத்துவிட்டோம். யன்னல் வெளிச்சமும் மின்விளக்கும் சேர்ந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிழல் விழும். நிறமும் ஒருபக்கம் மஞ்சளாகும். நிழல் விழுந்த வலது பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிமிர்த்தி வைத்தபோது, வெளிச்சம் திரும்பி வந்து நிழலின் கறுப்புக் குறைந்தது.

முதல் படத்தைத் தம்பி குனிந்து நின்று, இரண்டடி உயரத்திலிருந்து எடுத்தார். மூலையில் இருந்த கோப்பை வெளிப்பக்கமாகச் சரிந்து நிற்பதுபோல் விழுந்தது. கமரா கிட்ட இருந்தால் ஓரத்திலுள்ள உயரமான பொருள்கள் எல்லாம் அப்படித்தான் சரியும். நடுப்பக்கம் பார்த்த அவற்றின் சுவர் தெரியும். கதிரையில் ஏறி நின்று, ஐந்தடிக்கு மேலிருந்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தபோது அந்தச் சரிவு பெருமளவு குறைந்தது. உயரமான கோப்பைக்குப் பதிலாக, வாய் அகன்று அடி ஒடுங்கிய தேநீர்க் கோப்பையை வைத்து, மூலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியதும் சரியாகிவிட்டது. தொலைபேசிக் கமராவில் கட்டக்கோடுகளையும் மட்டம் காட்டும் வசதியையும் போட்டுக்கொண்டால், நேர் கீழே பிடிக்கும்போது பல தொலைபேசிகளில் இரண்டு சிறு சிலுவைக் குறிகள் தோன்றும். அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் கமரா மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். அது இல்லாத தொலைபேசிக்கு, கொப்பியின் எதிர் ஓரங்கள் கட்டக்கோட்டுக்கு இணையாக வருகின்றனவா என்று பார்த்தால் போதும். கொப்பி ஒருபக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் தெரிந்தால் கை சாய்ந்துவிட்டது.

அட்டையிலுள்ள பளபளப்பு ஒரு தொல்லை கொடுத்தது. யன்னல் வெளிச்சம் அதில் பட்டு, அட்டையின் பாதி வெள்ளையாகிப் போனது. யன்னலில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, விரித்த அட்டையை இரண்டு சாண் பின்னுக்கு இழுத்தோம். பளபளப்பு முற்றாகப் போகவில்லை. ஆனால் அட்டையிலிருந்த பெயரும் பக்க எண்ணிக்கையும் வாசிக்கக்கூடியதாக வந்தன.

கோப்பிக்கு மட்டும் நாங்கள் கொஞ்சம் அவதிப்பட்டோம். அரைக் கோப்பை ஊற்றினால் கோப்பையின் சுவர் நிழல் உள்ளே விழுந்து, மேலிருந்து பார்க்க ஒரு கிணறு மாதிரி இருக்கிறது. விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை ஊற்ற வேண்டும். கதிரையிலிருந்து இறங்கி ஏறுவதற்குள் ஓரத்தில் நுரைப்புள்ளிகள் சேர்ந்துவிட்டன. ஒரு பஞ்சுக் குச்சியால் அவற்றைத் தொட்டெடுத்தார் தம்பி. ஏழாவது படம் சரியாக வந்தது. அதற்குள் ஆறிப்போயிருந்த அந்தக் கோப்பியைக் குடிக்க இருவருமே ஒப்பவில்லை.